சப்ளையரை எப்படிச் சோதிப்பது: காகிதம் போதுமா, நேரில் போக வேண்டுமா, சான்றிதழை நம்பலாமா?

மசாலாப் பொடி தயாரிக்கும் சிறிய, நடுத்தர நிறுவனங்களை நடத்துபவர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்கும் கேள்வி இது: "எங்களுக்கு மிளகாய்த்தூள் அரைத்துக் கொடுக்கும் சப்ளையர் லைசென்ஸ் காப்பி அனுப்புகிறார், லேப் ரிப்போர்ட் அனுப்புகிறார். இது போதுமா? இல்லை, நாங்களே ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டுமா? ஐஎஸ்ஓ 22000 மாதிரி ஒரு உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடுமா?"

எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்குக் கிடையாது. பதிலைத் தேடும் வழி ஒன்று உண்டு. அதை மிளகாய்த்தூளை வைத்தே சொல்கிறேன். மிளகாய்த்தூளில் சிக்கல் பல விதமாக வரும். சரியாகக் காயாத வத்தலில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரலாம். எலி எச்சத்தாலோ அழுக்குத் தண்ணீராலோ சால்மொனெல்லா கிருமி வரலாம். நிறம் ஏற்ற யாராவது உணவில் சேர்க்கக் கூடாத சூடான் சாயத்தைக் கலந்திருக்கலாம். இவற்றில் எதையும் தூளைக் கையில் எடுத்துப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சப்ளையர் எப்படி வேலை செய்கிறார் என்பதைத்தான் நாம் சோதிக்க வேண்டியிருக்கிறது.

## முதலில் அளவுகோல்கள்

மூன்று வழிகளையும் எடை போடுவதற்கு நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று, சுத்தம் பற்றிய பதிவேடுகள் உண்மையிலேயே அன்றன்று எழுதப்பட்டவைதானா என்று இந்த வழியில் தெரியவருமா? இரண்டு, நம்மிடம் உள்ள ஒரு மூட்டை எந்த வத்தலில் இருந்து வந்தது, அதே அரவையில் வந்த மற்ற மூட்டைகள் யாருக்குப் போயின என்பதை எடைக் கணக்கோடு காட்ட முடியுமா? இதைத்தான் தடமறிதல் என்கிறோம். மூன்று, நாளை ஒரு லாட்டைச் சந்தையில் இருந்து திரும்பப் பெற வேண்டி வந்தால் சப்ளையர் எத்தனை மணி நேரத்தில் நமக்குச் சொல்வார், சொல்வாரா? நான்கு, இதற்கெல்லாம் நமக்கு ஆகும் செலவு என்ன? பில்லில் வராத செலவும் இதில் சேரும்.

இந்த நான்குக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. என் அனுபவத்தில் அதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. சோதிக்கப்படும் லாட்டைத் தேர்ந்தெடுப்பது யார்? சப்ளையரே தேர்ந்தெடுத்தால், அவரிடம் உள்ளதிலேயே நல்லதைத்தான் நாம் பார்க்கிறோம். நாம் தேர்ந்தெடுத்தால்தான் அவருடைய வழக்கமான நாள் எப்படி இருக்கிறது என்பது தெரியும்.

## மூன்று வழிகளும் ஒரே ஆலையில்: ஜார்ஜியா, 2008

அமெரிக்காவில் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற வேர்க்கடலை நிறுவனத்தின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த மூன்று வழிகளும் அங்கே ஒரே நிறுவனத்தின் மேல் நடந்திருக்கின்றன.

2008 கடைசியில் தொடங்கிய சால்மொனெல்லா தொற்றில் 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள், ஒன்பது பேர் இறந்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் பிளேக்லி ஊரில் இருந்த ஆலை அதற்கு மூலம் என்று தெரிந்தது. அந்த வேர்க்கடலை விழுதும் தூளும் பிஸ்கட், ஐஸ்கிரீம், மிட்டாய் என்று பல நிறுவனங்களுக்குப் போயிருந்ததால், 3,900-க்கும் மேற்பட்ட பொருட்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

முதல் வழி காகிதம். அந்த நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு லேப் அறிக்கைகளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. சில லாட்டுகளைச் சோதிக்காமலேயே 'கிருமி இல்லை' என்று அறிக்கை தயாரித்தது பின்னால் நீதிமன்றத்தில் நிரூபணமானது. நிறுவனத் தலைவர் ஸ்டூவர்ட் பார்னலுக்கு 2015-இல் 28 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இரண்டாவது மூன்றாம் தரப்புத் தணிக்கை. 2008-இல் ஒரு தணிக்கை அமைப்பு பிளேக்லி ஆலையைப் பார்த்து, 'மிகச் சிறப்பு' என்ற நிலையில் மதிப்பெண் கொடுத்தது. தேதி ஆலைக்கு முன்பே தெரியும். கட்டணம் கொடுத்ததும் ஆலைதான். கெல்லாக் போன்ற பெரிய நிறுவனமே அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் வாங்கியது.

மூன்றாவது, வாங்குபவரே போய்ப் பார்ப்பது. நெஸ்லே தன் சொந்த ஆட்களை அனுப்பியது. 2002-இல் பிளேக்லி ஆலையையும், 2006-இல் அதே நிறுவனத்தின் டெக்சாஸ் ஆலையையும் பார்த்துவிட்டு, இரண்டு முறையும் வேண்டாம் என்று திரும்பிவிட்டது. டெக்சாஸ் ஆலையைச் சுற்றி அவர்கள் கண்டவற்றில் செத்த எலிகளும் இருந்தன.

இதை வைத்து 'நேரில் போவதே எப்போதும் சிறந்தது' என்று முடிவுகட்டுவது அவசரம். நெஸ்லே அனுப்பிய ஆட்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். அது தெரியாத ஒருவரை அனுப்பினால் டீ குடித்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று மெஷினைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

## வழி 1: காகிதத்தை வைத்துச் சோதிப்பது

கேள்விப்பட்டியல் ஒன்றை அனுப்பி, எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ், லேப் அறிக்கை, தண்ணீர் சோதனை அறிக்கை, வேலையாட்களின் மருத்துவச் சான்று, பூச்சிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலை வாங்கி வைத்துக்கொள்வது இந்த வழி. பெரும்பாலோர் செய்வது இதைத்தான்.

சுத்தப் பதிவேடு: பதிவேட்டின் நகலில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சில காகிதங்களை வைத்தே சில உண்மைகளைப் பிடிக்கலாம். 14 இலக்க லைசென்ஸ் எண்ணை foscos.fssai.gov.in தளத்தில் போட்டால், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, எந்த முகவரிக்கு, எந்த வேலைக்கு என்பது தெரியும். 'வியாபாரம்' என்று மட்டும் லைசென்ஸ் வாங்கியவர் அரைத்துக் கொடுக்கிறார் என்றால் அரவை வேறெங்கோ நடக்கிறது. மருத்துவச் சான்றுகள் எல்லாம் ஒரே தேதியில் இருப்பதில் தவறில்லை. முகாம் வைத்து எடுத்திருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவரின் சான்றிலும் அதே தேதி இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

லேப் அறிக்கை: இதை வாசிக்கத் தெரிவதுதான் இந்த வழியின் உயிர். பெரும்பாலான அறிக்கைகளின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'இந்த முடிவு எங்களிடம் தரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.' மாதிரியை எடுத்தது யார் என்றும் போட்டிருக்கும். 'வாடிக்கையாளர் சமர்ப்பித்தது' என்று இருந்தால், சப்ளையர் தன் கையால் அள்ளிக் கொடுத்த கால் கிலோவுக்கு வந்த முடிவு அது. லேப் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்றதாக இருந்தாலும் இது மாறாது. அஃப்ளடாக்சின் ஒரு லாட் முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை. பூஞ்சை பிடித்த சில வத்தல்களில்தான் குவிந்திருக்கும். ஒரு மூட்டையில் இருந்து எடுத்த மாதிரியில் எதுவும் தெரியாமல் போவது சாதாரணம். அறிக்கையில் உள்ள லாட் எண் நமக்கு வந்த மூட்டையின் லாட் எண்ணோடு பொருந்துகிறதா என்பதையாவது பாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய அறிக்கையை ஒவ்வொரு லோடோடும் அனுப்பிவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

தடமறிதல், திரும்பப் பெறல்: 'எங்களிடம் வசதி உண்டு' என்ற பெட்டியில் டிக் அடித்து வரும். அவ்வளவுதான். உற்பத்தியாளர் திரும்பப் பெறும் திட்டத்தை எழுதி வைத்திருக்க வேண்டும் என்று எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2017 ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. எழுதப்பட்ட திட்டத்தின் நகல் நமக்கு வரும், அதை யாராவது எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்பது வராது.

மறைந்த செலவு: காகிதத்தைத் துரத்துவது. இருபது சப்ளையர்களிடம் காலாவதியான காகிதங்களைப் புதுப்பித்து வாங்குவதே ஒருவருக்குப் பாதி வேலையாகிவிடும். அப்புறம், வந்த காகிதத்தைச் சரிபார்க்க நாமே அவ்வப்போது மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவைச் சேர்க்காமல் 'காகிதம் இலவசம்' என்று நினைப்பது தப்புக் கணக்கு.

எப்போது இது போதும்: முழுக் கொத்தமல்லி வாங்கி, நாமே சுத்தம் செய்து, வறுத்து, அரைக்கிறோம் என்றால் பெரும்பாலான வேலை நம் கையில் இருக்கிறது. அங்கே காகிதமும் மூட்டை வரும்போது நாம் செய்யும் சோதனையும் போதும். உப்பு, அட்டைப் பெட்டி போன்றவற்றுக்கும் அப்படித்தான். அரைத்த மிளகாய்த்தூளுக்கு இது போதாது.

## வழி 2: நாமே நேரில் போவது

லாட்டை நாம் தேர்ந்தெடுக்க முடிவது இந்த வழியில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன் நம் குடோனில் இருந்து ஒரு மூட்டையின் லாட் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சப்ளையருக்கு அதைச் சொல்லக் கூடாது. வருகிறோம் என்பதைச் சொல்லலாம், எந்த லாட் என்பதைப் போன பிறகுதான் சொல்ல வேண்டும். நேற்று அரைத்ததாக இருக்கக் கூடாது, இரண்டு மூன்று மாதம் பழையதாக இருந்தால் நல்லது. நினைவில் இருந்து பதில் சொல்ல முடியாது, காகிதத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

### சுத்தப் பதிவேட்டில் என்ன பார்ப்பது

பதிவேடு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. அதை வேறொரு பதிவேட்டோடு மோதவிட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த லாட் அரைக்கப்பட்ட நாளின் சுத்தப் பதிவில் கையெழுத்துப் போட்டவர் யார்? வருகைப் பதிவேட்டில் அன்று அவர் வந்திருக்கிறாரா? தமிழ்நாட்டில் மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாட்கள் இருக்கும். அந்த நாளில் அரவை நடந்ததாகப் பதிவு இருந்தால் ஜெனரேட்டருக்கு டீசல் போட்ட கணக்கு இருக்க வேண்டும். தீபாவளி அன்றும் பொங்கல் அன்றும் டிக் விழுந்திருக்கிறதா? ஒரு மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு மிளகாய்க் கறைகூட இல்லாத தாள் என்றால், அது மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதப்பட்டது. பூச்சிக் கட்டுப்பாட்டுப் பதிவில் ஓராண்டாக ஒரு எலிகூடச் சிக்கவில்லை என்று இருந்தால், பொறியைப் போய்த் திறந்து பாருங்கள்.

மிளகாய் அரவைக்கே உரிய ஓர் அடையாளமும் உண்டு. 'மெஷின் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவப்பட்டது' என்று பதிவில் இருந்தால் நிம்மதி அடைய வேண்டாம். உலர்ந்த பொருளை அரைக்கும் இடத்தில் தண்ணீர்தான் எதிரி. சால்மொனெல்லா உலர்ந்த தூளில் பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கழுவிய ஈரம் பல்வரைசரின் மூலையில் தங்கினால் அங்கே பெருகத் தொடங்கும். அதனால் அரவை மெஷினை பிரஷ்ஷும் வாக்குவமும் வைத்து உலர்வாகச் சுத்தம் செய்வதுதான் முறை. தண்ணீரில் கழுவினால் முழுக்கக் காயவைத்ததற்கும் பதிவு இருக்க வேண்டும். தினமும் கழுவியதாக எழுதியிருப்பது ஒன்று பொய், அல்லது பொய்யைவிட மோசமான உண்மை. கூரையையும் அண்ணாந்து பாருங்கள். ஒழுகும் கூரைக்கு அடியில் திறந்த மூட்டை இருந்தால் மற்றப் பதிவுகளைப் பார்க்க அவசரமே இல்லை.

### தடமறிதல்: எடைக் கணக்கு ஓர் உதாரணம்

ஈரோட்டில் சாம்பார்ப் பொடி தயாரிக்கும் ஒருவர், விருதுநகரில் அரைத்துத் தரும் சப்ளையரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. நடக்கும் விதம் உண்மையில் நடப்பதுதான்.

அவர் கையில் இருப்பது லாட் 614. அவருக்கு வந்தது 20 மூட்டை, மூட்டைக்கு 30 கிலோ, மொத்தம் 600 கிலோ. சப்ளையரின் அரவைப் பதிவைத் திறந்தால், அன்று 2,150 கிலோ வத்தல் இறக்கப்பட்டிருக்கிறது. காம்பு, மண், கல் என்று கழித்தது 120 கிலோ. அரவையில் ஈரம் போனதும் தூசி பறந்ததுமாக 30 கிலோ. மீதி 2,000 கிலோ தூள். இதுவரை கணக்கு சரி.

அடுத்து, அந்த 2,000 கிலோ எங்கே போனது? டெலிவரி சலான்களை எடுக்கச் சொல்கிறார். தனக்கு 600, இன்னொரு நிறுவனத்துக்கு 900, மூன்றாமவருக்கு 350. கூட்டினால் 1,850. குடோனில் அந்த லாட் இருப்பு இல்லை. 150 கிலோ எங்கே?

சப்ளையர் தயங்காமல் சொல்கிறார்: "அது சல்லடையில நின்ன திப்பி சார். மறுநாள் அரவையில சேத்துருவோம்."

அவர் எதையும் மறைக்கவில்லை. திப்பியை மறுபடி அரைப்பது எல்லா அரவை ஆலையிலும் நடப்பது. ஆனால் அது 614-இல் இருந்து எடுத்து 615-இல் போடப்பட்டது என்று எங்கேயும் எழுதப்படவில்லை. நாளைக்கு 614-இல் சூடான் சாயம் இருப்பதாகத் தெரிந்தால், சப்ளையர் 614-ஐ மட்டும் திரும்பக் கேட்பார். 615 வாங்கியவர்களின் சரக்கு கடைகளில் விற்றுக்கொண்டே இருக்கும். 615-இன் திப்பி 616-க்குப் போயிருந்தால் அதுவும். பதிவில்லாத மறு அரவை இப்படி ஒவ்வொரு லாட்டையும் அடுத்ததோடு கோத்துவிடுகிறது. எங்கே ஒரு முறை மெஷினை முழுக்கச் சுத்தம் செய்து, திப்பியைத் தனியாக எடுத்து வைத்ததாக நம்பத்தகுந்த பதிவு இருக்கிறதோ, அங்கேதான் அந்தச் சங்கிலி அறும். அதுவரை உள்ள எல்லா லாட்டும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கணக்கு மறுபக்கம் சாய்வதும் உண்டு. 2,150 கிலோ வத்தல் இறக்கி 2,300 கிலோ தூள் விற்றிருந்தால், வெளியில் இருந்து அரைத்த தூள் வாங்கிக் கலந்திருக்கிறார்கள், அல்லது வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. கலப்படம் பற்றிய சந்தேகம் லேப் அறிக்கைக்கு முன்பே கூட்டல் கழித்தலில் தெரிந்துவிடும். குறைந்தாலும் கூடினாலும், காரணம் காகிதத்தில் இருந்து வர வேண்டும். வாய்வார்த்தையில் வரும் விளக்கத்தைக் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பின்பக்கம் போனால் எல்லை சீக்கிரம் வந்துவிடும். 2,150 கிலோவில் 1,500 ஒரு மண்டி பில், 650 இன்னொரு பில் என்று காட்டுவார். மண்டியில் பல விவசாயிகளின் வத்தல் ஒன்றாகக் கொட்டப்பட்டிருக்கும். வயல் வரை போக முடியாது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. மண்டி பில்லின் தேதி, எடைச்சீட்டு, கோல்டு ஸ்டோரேஜில் இருந்ததென்றால் அதன் ரசீது, இந்த மூன்றும் அரவைப் பதிவோடு இணைந்திருந்தால் போதும்.

எவ்வளவு நேரத்தில் இது கிடைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிஆர்சிஜிஎஸ் என்ற பன்னாட்டு உணவுப் பாதுகாப்புத் தரம் இது நான்கு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது. சிறிய ஆலையில் காகிதம் ஒழுங்காக இருந்தால் ஒரு மணி நேரத்திலேயே முடியும். 'நாளைக்கு மெயில் பண்ணுகிறேன்' என்பதும் ஒரு பதில்தான், அதைத் தோல்வி என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் ஒரு வொர்ஸ்டர் சாஸில் சூடான் 1 சாயம் இருப்பது தெரிந்தது. அதில் சேர்த்திருந்த மிளகாய்த்தூள் இந்தியாவில் இருந்து 2002-இல் போனது. அந்த சாஸைத் தங்கள் சமையலில் சேர்த்த உணவுப் பொருட்கள் 400-க்கு மேல், எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டி வந்தது. ஒரு சாமான் இன்னொன்றுக்குள் போய், அது மூன்றாவதற்குள் போகும் வேகம் அப்படி.

### திரும்பப் பெறத் தயாரா

திட்டத்தின் பக்கங்களைப் புரட்டுவதைவிட அதில் உள்ள ஒரு ஃபோன் எண்ணுக்கு அங்கேயே போன் போட்டுப் பாருங்கள். எண் மாறியிருந்தால், திட்டத்தைச் சமீபத்தில் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். ஞாயிறு இரவு செய்தி வந்தால் 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று உரிமையாளரிடம் அல்ல, குடோன் பொறுப்பாளரிடம் கேளுங்கள். திரும்பி வந்த சரக்கை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டு அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மூட்டைகளோடு அதே அடுக்கில் வைப்பதாகச் சொன்னால், அது மறுபடி லாரியில் ஏறிவிடும்.

புகார்ப் பதிவேட்டில் ஒரு புகார்கூட இல்லையென்றால், புகார் வரவில்லை என்பதைவிட எழுதவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். உங்கள் நிறுவனமே கடந்த ஆண்டில் திருப்பி அனுப்பிய மூட்டை ஒன்று இருந்தால், அது அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மறைந்த செலவு: தெரிந்த ஒருவரின் ஒரு முழு நாளும் பயணமும் வெளியே தெரியும் செலவு. தெரியாத செலவு, அந்த ஆளை உருவாக்குவது. எடைக் கணக்கு போடத் தெரிய வேண்டும், சங்கடமான கேள்வியை மரியாதையாகக் கேட்கத் தெரிய வேண்டும். இன்னொன்று பழக்கம். வருடக்கணக்கில் அதே சப்ளையரிடம் அதே ஆள் போனால் கண் பழகிவிடும். கொள்முதல் விலை பேசுபவரையே தணிக்கைக்கும் அனுப்பக் கூடாது. விலை குறைவாகக் கிடைக்கும் இடத்தில் குறை தெரிவது மனித இயல்புக்கே கஷ்டம்.

எப்போது இது சரி: நாம் வாங்கிய பிறகு கிருமியைக் கொல்லும் வேலை எதுவும் நம்மிடம் இல்லாத பொருள், அளவிலும் அதிகம் என்றால், வேறு வழி தேட வேண்டாம். மிளகாய்த்தூள், மிளகுத்தூள், பெருங்காயத்தூள் எல்லாம் இதில் வரும்.

## வழி 3: மூன்றாம் தரப்புச் சான்றிதழ்

ஐஎஸ்ஓ 22000, எஃப்எஸ்எஸ்சி 22000, பிஆர்சிஜிஎஸ் போன்றவற்றில் ஒன்றைச் சப்ளையர் வாங்கியிருந்தால், பயிற்சி பெற்ற ஒருவர் ஆலைக்குள் போயிருக்கிறார் என்பது உண்மை. அவருக்கு நம்மைவிட அதிகம் தெரியும். பதிவேடுகளை எப்படி மோதவிட வேண்டும் என்பதும் தெரியும். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

எல்லை எங்கே என்றால், சப்ளையர்தான் அவரை அழைக்கிறார், கட்டணம் கொடுக்கிறார், பெரும்பாலும் தேதியும் தெரிந்திருக்கும். சால்மொனெல்லாவை அவர் சோதிப்பதில்லை, சோதிக்கும் முறை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். தடமறிதல் சோதனையும் செய்வார், ஆனால் அந்த லாட் நமக்கு வந்ததாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. திரும்பப் பெறும் ஒத்திகையைப் பொறுத்தவரை, சப்ளையர் தானே தேர்ந்தெடுத்து நடத்திய ஒத்திகையின் பதிவைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்.

சான்றிதழில் கண்டிப்பாகப் படிக்க வேண்டியது அதன் வரம்பு. 'மஞ்சள் தூள் அரவை' என்று மட்டும் எழுதியிருந்தால் மிளகாய் அதில் வராது. முகவரி நம் மூட்டை கிளம்பும் ஆலையின் முகவரியா, அலுவலகத்தினுடையதா என்று பாருங்கள். சீசனில் வேலை அதிகமாகும்போது வேறு மில்லில் கூலிக்கு அரைப்பது வழக்கம். அந்த மில்லைச் சான்றிதழ் பார்த்திருக்காது.

கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிய சான்றிதழைவிட முழுத் தணிக்கை அறிக்கைக்கு மதிப்பு அதிகம். குறைகள் பட்டியலும், அவற்றை எப்படிச் சரிசெய்தார்கள் என்பதும் அதில்தான் இருக்கும். அறிக்கையைக் காட்ட மறுக்கும் சப்ளையரின் சான்றிதழை நான் பாதி மதிப்புக்கே எடுத்துக்கொள்வேன்.

மறைந்த செலவு: சான்றிதழின் செலவு சப்ளையருடையது போலத் தெரியும், ஆனால் கிலோ விலையில் ஏறி நம்மிடம் வரும். சிறிய ஆலையைக் கட்டாயப்படுத்தினால் அவர் கன்சல்டன்ட் ஒருவரை வைத்து ஃபைல்களைத் தயாரித்துவிடுவார். வேலை செய்பவர்கள் அந்த ஃபைல்களைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். நல்ல வத்தல் தெரிந்து வாங்கும் சிறிய சப்ளையர் ஒருவரை இந்த நிபந்தனையால் இழந்துவிடவும் வாய்ப்பு உண்டு.

எப்போது இது சரி: ஏற்றுமதி செய்கிறீர்கள், வெளிநாட்டு வாடிக்கையாளர் குறிப்பிட்ட சான்றிதழையே கேட்கிறார் என்றால் விவாதமே இல்லை. சப்ளையர் குஜராத்திலோ ராஜஸ்தானிலோ இருக்கிறார், நீங்கள் வாங்குவது வருடத்துக்குச் சில மூட்டை சீரகம் என்றாலும் இதுதான் பொருத்தம்.

## ஒரே பார்வையில்

| | காகிதம் | நேரில் | சான்றிதழ் |
|---|---|---|---|
| லாட்டைத் தேர்வது யார் | சப்ளையர் | நாம் | தணிக்கையாளர், சப்ளையர் அறிந்த தேதியில் |
| சுத்தப் பதிவு உண்மையா | தெரியாது | தெரியும், ஆளுக்குத் திறமை இருந்தால் | ஓரளவு தெரியும் |
| எடைக் கணக்கு | கிடைக்காது | நம் லாட்டுக்கே கிடைக்கும் | வேறு லாட்டுக்கு நடந்திருக்கலாம் |
| திரும்பப் பெறத் தயாரா | திட்டத்தின் நகல் மட்டும் | அங்கேயே சோதிக்கலாம் | ஒத்திகைப் பதிவு |
| மறைந்த செலவு | நாமே செய்யும் லேப் சோதனை | ஆளை உருவாக்குவது | விலையில் ஏறுவது |

## கலந்து செய்ய வேண்டியவர்களுக்கு

வீடியோ காலில் தணிக்கை செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். கேமராவைப் பிடித்திருப்பவர் காட்டும் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்பதால், சுத்தத்தைச் சோதிக்க அது உதவாது. தடமறிதலுக்கு நன்றாகவே உதவும். லாட் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அரவைப் பதிவு, சலான்கள், மண்டி பில் ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொண்டால், பயணமே இல்லாமல் எடைக் கணக்கு போட்டுவிடலாம். மற்ற வாடிக்கையாளரின் பெயரை மறைத்து அனுப்ப நினைத்தால் அனுமதியுங்கள், எடை தெரிந்தால் போதும்.

அதனால் என் பரிந்துரை இப்படி. காகிதத்தோடு நிறுத்தப்போகிறவர்களும், சான்றிதழை நம்பப்போகிறவர்களும், வருடத்துக்கு ஒரு முறையாவது தங்கள் குடோனில் இருந்து ஒரு லாட்டை எடுத்து இந்த வாட்ஸ்அப் சோதனையைச் செய்யுங்கள். அதற்குப் பைசா செலவில்லை. லாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் நம்மிடமே இருக்கும். கணக்கு விழாத சப்ளையரிடம் அடுத்து நேரில் போங்கள். இருக்கும் பயணச் செலவை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்காமல், இப்படிச் சிக்கியவர்களுக்கும் மிளகாய்த்தூள் போன்ற பொருட்களுக்கும் ஒதுக்குங்கள்.

நேரில் போய்க் குறை கண்டவுடன் சப்ளையரை மாற்றவும் அவசரப்பட வேண்டாம். திப்பிக் கணக்கு இல்லாதவர் சரிசெய்யக்கூடியவர். அரவைப் பதிவில் 'மறு அரவை: எந்த லாட்டில் இருந்து, எத்தனை கிலோ' என்று ஒரே ஒரு பத்தி சேர்த்தால் போதும். இரண்டு மாதம் கழித்து இன்னொரு லாட்டை எடுத்துக் கேளுங்கள். அப்போதும் 150 கிலோ காணாமல் போனாலோ, முதல் முறையே பொய்ப் பதிவு காட்டியிருந்தாலோ மாற்றலாம்.

தொடர்ந்து வாங்குவது என்று முடிவானால், கொள்முதல் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். எந்த லாட்டில் சந்தேகம் வந்தாலும் 24 மணி நேரத்துக்குள் போனிலும் எழுத்திலும் நமக்குச் சொல்ல வேண்டும். நமக்குச் சொல்லாமல் வேறு மில்லில் அரைக்கக் கூடாது. நாம் கேட்கும் லாட்டின் காகிதங்களை நான்கு மணி நேரத்துக்குள் தர வேண்டும். இந்த மூன்றில் எதற்காவது கையெழுத்துப் போட மறுத்தால், அவரிடம் வேறு தணிக்கை எதுவும் செய்ய வேண்டியதில்லை.